நிறுவனர், பர்ச்சேஸ், சீனியர் இன்ஜினியர்: ஒரே தாமதத்தை மூன்று பேருக்கும் எப்படி எழுதுவது?

வெண்ணாறு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூரில் கன்ட்ரோல் பேனல் செய்யும் சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் மெயில் எல்லாம் என் கையால்தான் போகிறது. இப்போது ஒரு சிக்கல், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாங்குபவர்கள் நெல் டிரையர் அமைத்துத் தரும் ஒரு ஸ்டார்ட்அப். நாலு பேனல் ஆர்டர், ஒன்று 1,85,000 ரூபாய், டெலிவரி டிசம்பர் 26. சென்சாரிலிருந்து வரும் ஈரப்பத அளவை வாங்கி, அவித்த நெல் 14 விழுக்காட்டுக்கு இறங்கியதும் பர்னரை நிறுத்துவதுதான் பேனலின் வேலை. அதில் போடுகிற அனலாக் மாட்யூல் இரண்டுதான் கையில் இருக்கிறது, மீதி இரண்டும் வர மூன்று வாரம் தாமதமாகும் என்று சப்ளையர் கடிதம் கொடுத்துவிட்டார். வேறு கம்பெனி மாட்யூல் உடனே கிடைக்கிறது, விலையும் ஏறக்குறைய அதேதான்.

இதை அங்கே மூன்று பேருக்குச் சொல்ல வேண்டும்: நிறுவனர், பர்ச்சேஸ் ஆபீசர், சீனியர் இன்ஜினியர். ஒரே மெயிலை மூவருக்கும் போடலாம் என்கிறார் முதலாளி. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் தனித்தனியாக எழுதினால் எதை மாற்றுவது, எதை மாற்றக் கூடாது என்றும் தெளிவாகத் தெரியவில்லை. மெயில் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே நாம் தமிழிலேயே பேசுவோம்.

குடந்தை_சேல்ஸ்

அக்கா, இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. நிறுவனருக்கு நாலே வரி, பெயர் சொல்லி நட்பாக. பர்ச்சேஸுக்கு நல்ல மரியாதையாக, பணிவாக. இன்ஜினியருக்கு டேட்டா ஷீட் எல்லாவற்றையும் இணைத்து, புது மாட்யூல் பழையதைவிட நல்லது என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். நான் எல்லா இடத்திலும் இப்படித்தான் எழுதுகிறேன், நன்றாகவே ஓடுகிறது.

மன்னை_மில்

கொள்முதல் ஆபீசருக்கு எழுதுவது பற்றியா? எங்கள் ஊர் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் என்றால் மூட்டையைத் திருப்பிவிடுகிறார்கள். மழையில் நனைந்த நெல்லுக்கு 22 வரை தளர்த்தக் கேட்டு ஊரே சேர்ந்து மனு கொடுத்தோம். அதில் நான் கண்டது, கெஞ்சி எழுதிய மனு நகரவே இல்லை, எந்த நிலையம், எத்தனை மூட்டை, எந்தத் தேதியில் அளந்த ஈரம் என்று எழுதிய மனுதான் மேலே போனது.

வெண்ணாறு

அண்ணே, நான் கேட்டது நெல் கொள்முதல் நிலையம் இல்லை, ஒரு கம்பெனியில் பொருள் வாங்கும் பர்ச்சேஸ் ஆபீசர். ஆனாலும் நீங்கள் சொன்னது உதவும்.

துவாக்குடி_பர்ச்சேஸ்

மன்னைத் தம்பி கேள்வியை மாற்றிப் படித்திருந்தாலும் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். திருச்சிப் பக்கம் ஒரு பெரிய ஆலையில் பர்ச்சேஸ் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான், அதனால் அந்த நாற்காலியில் இருந்து சொல்கிறேன்.

பர்ச்சேஸ்காரருக்குப் பணிவு தேவையில்லை, மரியாதை போதும். அவர் உங்கள் மெயிலை ஃபைலில் வைப்பார், நாளை ஆடிட்டர் வந்து “ஏன் டெலிவரியை நீட்டித்தாய்” என்று கேட்டால் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார். “நேற்று போனில் பேசியபடி” என்று எழுதினால் அவரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. யார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று இருக்க வேண்டும். “எப்படியாவது முடித்துத் தருகிறோம் சார், எங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள்” என்பது உங்களுக்கு அன்பாகத் தெரியும், அவருக்கு ஃபைலில் ஏற்ற முடியாத ஒரு வரி, அவ்வளவுதான்.

அவர் தன் குறிப்பில் அப்படியே எடுத்து எழுதிக்கொள்ளும்படி உங்கள் வாக்கியம் இருக்கட்டும். ஆர்டர் எண், வரிசை எண், பழைய தேதி, கேட்கும் புதிய தேதி, காரணம், காரணத்துக்குச் சான்று (சப்ளையர் கடிதம் இருக்கிறதே, அதை இணையுங்கள்). அப்புறம் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். உங்களிடம் இரண்டு கோரிக்கை இருக்கிறது, ஒன்று தேதி நீட்டிப்பு, இன்னொன்று மாற்றுக் கம்பெனி மாட்யூலுக்கு ஒப்புதல். இரண்டையும் ஒரே பத்தியில் குழைக்காதீர்கள், அவருக்கு அவை இரண்டு தனி அனுமதி, இரண்டாவதற்கு இன்ஜினியர் எழுத்தில் கொடுத்தால்தான் அவர் கையெழுத்துப் போடுவார்.

தாமத அபராதம் என்ன போட்டிருக்கிறது என்று ஆர்டரைப் பாருங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு 0.5 விழுக்காடு, அதிகபட்சம் 5 என்று இருக்கும். எந்த மதிப்பின் மேல் என்பதில்தான் சண்டை வரும். இரண்டு பேனல் மட்டும் மூன்று வாரம் தாமதமானால், தாமதமான பகுதியின் மதிப்பு 3,70,000, அபராதம் 5,550. மொத்த ஆர்டர் மதிப்பின் மேல் என்றால் 11,100. “அபராதம் இல்லாமல் நீட்டிக்கக் கோருகிறோம்” என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், தேதியை நீட்டிவிட்டு அபராதத்தையும் பிடிப்பார்கள், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை.

குடந்தை_சேல்ஸ்

அப்படியானால் மன்னிப்பே கேட்கக் கூடாதா ஐயா? மன்னிப்புக் கேட்டால் நம் தவறு என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று எங்கள் மேனேஜர் சொல்வார்.

துவாக்குடி_பர்ச்சேஸ்

ஒரு வரி கேளுங்கள், “இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று. நான் இருந்த காலத்தில் அந்த வரியைக் காட்டி யார் மேலும் அபராதம் போட்டதில்லை, அபராதம் தேதியைப் பார்த்துத்தான் போடப்படும். ஆனால் ஒன்று, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்பதை இயற்கைப் பேரிடர் கணக்கில் சேர்க்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலான ஆர்டர்களில் அது செல்லாது. அப்படி எழுதினால் ஏய்க்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடும், பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஆரூர்_கருவி

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர், திருவாரூர்க்காரன். சீனியர் இன்ஜினியர் பக்கத்தை நான் சொல்கிறேன். குடந்தைத் தம்பி சொன்னபடி “புதியது பழையதைவிட நல்லது” என்று எழுதினால் அந்த மெயில் அந்த இடத்திலேயே படுத்துவிடும்.

வெண்ணாறு, இரண்டு மாட்யூலும் எத்தனை பிட், சென்சார் ரேஞ்ச் என்ன?

வெண்ணாறு

பழையது 12 பிட், புதியது 16 பிட். சென்சார் 10 முதல் 35 விழுக்காடு ஈரப்பதம், 4 முதல் 20 மில்லி ஆம்ப் சிக்னல். சென்சார் பிழை ±0.5 விழுக்காடு என்று ஷீட்டில் இருக்கிறது. “16 பிட் என்பதால் ஈரப்பதம் இன்னும் துல்லியமாகத் தெரியும்” என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்.

ஆரூர்_கருவி

அந்த வரியை எடுத்துவிடுங்கள். 12 பிட்டிலேயே ஒரு படி 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு. சென்சாரே அரை விழுக்காடு முன்னே பின்னே சொல்லும்போது மாட்யூலில் நாலு பிட் கூடியதால் நெல்லின் ஈரம் துல்லியமாகத் தெரியப் போவதில்லை. சீனியர் ஆள் இதை ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் ஒருமுறை சரிபார்த்த பிறகே நம்புவார். “மாட்யூல் மாற்றத்தால் அளவீடு மேம்படாது, கெடவும் கெடாது” என்று எழுதுங்கள். இந்த ஒரு வரி, பத்துப் பக்க டேட்டா ஷீட் செய்யாத வேலையைச் செய்யும்.

அவருக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். புதிய மாட்யூலின் எண் வரிசை வேறாக இருக்கும், பழையது 0 முதல் 4000 என்றால் இது 0 முதல் 32000 என்று இருக்கலாம், புரோகிராமில் மாற்ற வேண்டும். அதைவிட ஆபத்து, மாட்யூலை 4-20-க்குப் பதில் 0-20 என்று செட் செய்துவிட்டால் வருவது. சரியான கணக்கு இது, M ஈரப்பத விழுக்காடு, I மில்லி ஆம்ப்:

```
M = 10 + 25 * (I - 4) / 16
```

14 விழுக்காடு நெல்லுக்கு 6.56 மில்லி ஆம்ப் வரும். மாட்யூல் 0-20-இல் இருந்தால் கணக்கு இப்படி ஆகிவிடும்:

```
M = 10 + 25 * I / 20
```

அதே 6.56-க்குத் திரையில் 18.2 காட்டும். இன்னும் மோசம், இந்தக் கணக்கில் திரை 14 காட்ட வேண்டும் என்றால் 3.2 மில்லி ஆம்ப் வர வேண்டும், சரியாக வேலை செய்யும் சென்சாரோ 4-க்குக் கீழே இறங்காது. அதாவது பர்னர் நிற்கவே நிற்காது. இதை நீங்களே முன்கூட்டி எழுதி, “இப்படி ஆகாமல் இருக்க லூப் கேலிப்ரேட்டர் வைத்து 4, 6.56, 12, 20 ஆகிய நாலு இடத்தில் பார்த்தோம், 10, 14, 22.5, 35 காட்டியது, 3.6-க்குக் கீழே போனால் அலாரம் அடித்து பர்னர் நிற்கிறது” என்று சொன்னால் அவர் உங்களைத் தன் ஆளாக நினைப்பார். பார்க்காததையும் சொல்லுங்கள். பேனலுக்குள் சூடு ஏறும் நிலையில் ஓட்டிப் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுதி, எந்தத் தேதியில் பார்ப்பீர்கள் என்று போடுங்கள்.

“அன்பார்ந்த, மதிப்பிற்குரிய” எல்லாம் அவருக்கு வேண்டாம். “சார்” போதும். உணர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பெயரடை எதுவும் எண்ணுக்குப் பதிலாக நிற்கக் கூடாது.

மன்னை_மில்

18 காட்டி 14-ஐயும் தாண்டி ஓடினால் மில்லுக்கு நேரடி நஷ்டம். அதிகம் காய்ந்த நெல் அரைக்கும்போது குருணை ஆகும், எடையும் போகும். 14-இல் நிறுத்த வேண்டியதை 12 வரை காயவிட்டால் ஒரு டன்னுக்கு 23 கிலோ போல எடை குறைந்துவிடும், ஈரக் கணக்கிலேயே.

மயிலாடுதுறை_தொடக்கம்

நான் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறேன், மீன் தீவனம் சம்பந்தமான தொழில். சப்ளையர்களிடம் இருந்து எனக்கும் இதுபோல மெயில் வரும், அதனால் நிறுவனர் பக்கத்தைச் சொல்கிறேன்.

நாலு வரி என்பது பாதி சரி. சுருக்கமாக இருப்பதால் மட்டும் எனக்கு உதவாது. “சின்ன தாமதம் இருக்கிறது சார், சமாளிக்கிறோம், கவலைப்படாதீர்கள்” என்று நட்பாக நாலு வரி வந்தால் எனக்குக் கவலை கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. முதல் வரியிலேயே என்னிடம் என்ன முடிவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று இருந்தால், மீதி பத்து வரி இருந்தாலும் படிப்பேன்.

உங்கள் நிறுவனருக்கு டிசம்பர் 26 என்பது வெறும் தேதி. அவர் மனதில் ஓடுவது சம்பா. தை பிறந்து அறுவடை சூடு பிடிக்கும்போது டிரையர் நின்றால் அவருடைய வாடிக்கையாளர் அடுத்த வருடம் வர மாட்டார். மூன்று வாரத் தாமதம் என்றால் ஜனவரி 16, அதாவது பொங்கல் விடுமுறைக்கு நடுவில் பேனல் வந்து இறங்கும், பொருத்தி ஓட்ட இன்னும் சில நாள். அதனால் “21 நாள் தாமதம்” என்பதைவிட “இரண்டு டிரையர் சம்பா வரத்துக்கு முன் ஓடாது” என்பதுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. மன்னை அண்ணன் சொன்ன 23 கிலோவும் அவருக்கான எண். பிட், மில்லி ஆம்ப் அவருக்கு எழுத வேண்டாம், ஆனால் மாற்று மாட்யூலைத் தவறாகச் செட் செய்தால் அவருடைய வாடிக்கையாளருக்கு என்ன போகும் என்பதை எழுதுங்கள்.

இன்னொன்று, நிறுவனரே இன்ஜினியராக இருந்தவர் என்றால் இதெல்லாம் கொஞ்சம் மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாகை_ஐஸ்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் பர்ச்சேஸ்காரரோடுதான் பிரச்சினை. ஐஸ் பிளாண்ட்களுக்குப் பேனல் கொடுக்கிறேன். ஒரு கம்பெனி இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை. சிறு தொழில் சட்டப்படி 45 நாள்தான், தராவிட்டால் வழக்கு என்று காட்டமாக எழுதிவிட்டேன், அதற்குப் பிறகு பதிலே இல்லை. இன்னும் காட்டமாக எழுதலாமா?

துவாக்குடி_பர்ச்சேஸ்

தம்பி, சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் சொன்ன கணக்கு பாதிதான் சரி. 2006 சட்டத்தில் 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதற்கு மேல் போகக் கூடாத எல்லை. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். பில் தேதியிலிருந்து எண்ணுவது கிடையாது, பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லியிருந்தால், குறையைத் தீர்த்த நாளிலிருந்து. தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. அப்புறம், இது குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான், நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. உங்கள் உதயம் பதிவு எண் பில்லில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காட்டமாக வேண்டாம். “பொருள் ஏற்கப்பட்ட நாள் இது, ஒப்பந்தப்படி கெடு இந்தத் தேதியில் முடிந்தது, இன்று வரை பாக்கி இவ்வளவு, எந்தத் தேதியில் வரும் என்று எழுத்தில் தெரிவியுங்கள்” என்று எழுதுங்கள். வருமான வரியில் 43பி(எச்) வந்த பிறகு, கெடு தாண்டிய பாக்கியை வாங்கியவர் அந்த வருடச் செலவில் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய அக்கவுன்ட்ஸே உங்கள் கடிதத்தைத் தேடும். பர்ச்சேஸ்காரர் பணம் கொடுப்பவர் இல்லை, அக்கவுன்ட்ஸிடம் உங்களுக்காக வாதாடுபவர், அவர் கையில் காகிதம் கொடுங்கள்.

நாகை_ஐஸ்

சரி ஐயா. உதயம் எண் பில்லில் இல்லை, போட்டுத் திரும்ப அனுப்புகிறேன்.

வெண்ணாறு

எல்லோருக்கும் நன்றி. மூன்று வரைவு எழுதினேன், முக்கியமான பகுதியை மட்டும் போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

நிறுவனருக்கு: “நாலு டிரையரும் சம்பா வரத்துக்கு முன் ஓட வேண்டும் என்றால் டிசம்பர் 18-க்குள் உங்கள் முடிவு வேண்டும். வழி ஒன்று, இரண்டு பேனல் டிசம்பர் 26, மீதி இரண்டு ஜனவரி 16. வழி இரண்டு, இரண்டு பேனலில் மாற்று மாட்யூல் போட்டு நாலும் டிசம்பர் 26. நாங்கள் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறோம், உங்கள் இன்ஜினியர் சோதனை முடிவைப் பார்த்து ஒப்புக்கொண்டால் மட்டும். மாட்யூல் தவறாகச் செட் ஆனால் பர்னர் நிற்காமல் நெல் அதிகம் காயும், 12 வரை போனால் டன்னுக்கு 23 கிலோ எடை இழப்பு. அது நேராமல் இருக்கச் செய்த சோதனையை அவருக்கு அனுப்பியிருக்கிறோம்.”

பர்ச்சேஸுக்கு: “ஆர்டரின் வரிசை 1, நாலு பேனல். கோரிக்கை ஒன்று: இரண்டு பேனலில் மாற்று மாட்யூல் பயன்படுத்த ஒப்புதல், டெலிவரித் தேதி, விலை மாற்றமில்லை. தொழில்நுட்ப ஒப்புதல் உங்கள் இன்ஜினியரிங் பிரிவிடம் கேட்கப்பட்டுள்ளது. கோரிக்கை இரண்டு, ஒப்புதல் கிடைக்காவிட்டால் மட்டும்: அந்த இரண்டு பேனலுக்கு ஜனவரி 16 வரை அபராதமின்றி நீட்டிப்பு. சப்ளையர் கடிதம் இணைப்பில். சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

இன்ஜினியருக்கு: ஆரூர் அண்ணன் சொன்ன நாலு இடச் சோதனை (நேற்று எங்கள் பெஞ்ச்சில் செய்தோம், சரியாக வந்தது), எண் வரிசை மாற்றம், “அளவீடு மேம்படாது, கெடாது”, அப்புறம் “50 டிகிரியில் 8 மணி நேர ஓட்டம் இன்னும் செய்யவில்லை, டிசம்பர் 15-இல் செய்து பதிவை அனுப்புகிறோம்.”

ஆரூர்_கருவி

நன்றாக இருக்கிறது. இன்ஜினியர் மெயிலில் ஒன்று சேருங்கள்: நாலு பேனலில் இரண்டு பழைய மாட்யூல், இரண்டு புதியது என்றால் புரோகிராம் இரண்டு வகை ஆகிவிடும். நாளை சர்வீஸ் ஆள் ஒன்றை மற்றொன்றில் ஏற்றினால் அளவு தாறுமாறாகும். நாலிலும் புதியதே போட முடியுமா என்று அவர் கட்டாயம் கேட்பார். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வெண்ணாறு

அதை நான் யோசிக்கவில்லை அண்ணே. மாட்யூல் நாலும் கிடைக்கும், முதலாளியிடம் பேசுகிறேன். அப்படி ஆனால் மூன்று மெயிலிலும் “இரண்டு” என்பதை “நாலு” என்று மாற்ற வேண்டும்.

துவாக்குடி_பர்ச்சேஸ்

கட்டாயம் மூன்றிலும் மாற்றுங்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் ஃபார்வேர்டு செய்வார்கள். நடை மாறலாம், எண்ணும் தேதியும் ஓர் இடத்தில்கூட மாறக் கூடாது. அனுப்பும் முன் மூன்றையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் இன்ஜினியர், அவர் பதில் வந்ததும் பர்ச்சேஸ், கடைசியில் நிறுவனர். பர்ச்சேஸ்காரரைத் தாண்டி நிறுவனரிடம் போனால் அவருக்கு மனவருத்தம் வரும், அது அடுத்த ஆர்டரில் தெரியும்.

மயிலாடுதுறை_தொடக்கம்

ஐயா, இதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். இருபது பேர் இருக்கும் கம்பெனியில், சம்பா தவறும் என்ற செய்தியை நான் என் இன்ஜினியர் வாயிலாக மூன்று நாள் கழித்துக் கேட்டால், மறைத்தார்கள் என்றுதான் நினைப்பேன். ஒரே நாளில் மூன்றும் போகட்டும், நிறுவனருடையது காலையில்.

துவாக்குடி_பர்ச்சேஸ்

பெரிய ஆலைப் பழக்கத்தில் சொன்னேன், சின்னக் கம்பெனியில் நீங்கள் சொல்வது பொருந்தலாம். ஆனால் இன்ஜினியர் “முடியாது” என்றால் நிறுவனரிடம் பரிந்துரைத்த இரண்டாவது வழி அந்தரத்தில் நிற்குமே?

மயிலாடுதுறை_தொடக்கம்

“அவர் ஒப்புக்கொண்டால் மட்டும்” என்று வெண்ணாறு எழுதியிருக்கிறாரே. எனக்கு அது போதும். எல்லா நிறுவனரும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

குடந்தை_சேல்ஸ்

மூவருக்கும் தனித்தனியாக அனுப்பும்போது மற்ற இருவரையும் நகலில் போடலாமா? அதை யாரும் சொல்லவில்லையே.

வெண்ணாறு

இன்ஜினியர் மெயிலில் பர்ச்சேஸை நகலில் போடப் போகிறேன், ஒப்புதல் அங்கேதான் போக வேண்டும். நிறுவனருடையதில் யாரையும் போடவில்லை, “இன்ஜினியருக்கும் பர்ச்சேஸுக்கும் இன்றே எழுதியிருக்கிறோம்” என்று ஒரு வரி மட்டும். முதலாளி நாலு மாட்யூலுக்கும் சரி சொல்லிவிட்டார். நாளைக் காலை அனுப்புகிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.